ஆய்வரங்கு வாசலில் கியூஆர் பதிவு: கோட் வேலை செய்யாமல் வருபவர்களை என்ன செய்வது?

கோண்டாவில்நிலா

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த சனிக்கிழமை யாழ்ப்பாணம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு மண்டபத்தில் ஆசிரியர்களுக்கான ஒருநாள் ஆய்வரங்கு நடத்துகிறோம். 280 பேர் பதிந்திருக்கிறார்கள். போனமுறை கடதாசிப் பட்டியலில் பெயர் தேடித் தேடியே தொடக்கவுரை முடிந்துவிட்டது, அப்போதும் வாசலில் ஆட்கள் நின்றார்கள். அதனால் இம்முறை கியூஆர். ஆளுக்கொரு கோட் மின்னஞ்சலில் போகும். வாசலில் இரண்டு மாணவர்கள் போனால் ஸ்கான் பண்ணுவார்கள். பட்டியல் கூகுள் ஷீற்றில் இருக்கிறது. கோட்களை இன்னும் அனுப்பவில்லை.

ஸ்கான் ஆகிறவர்களைப் பற்றிப் பிரச்சினை இல்லை. ஆகாதவர்கள்தான் தலையிடி. குழுவுக்குள் ஒரு ஒத்திகை பார்த்தோம். ஒருவருக்கு மின்னஞ்சலே வந்து சேரவில்லை. இன்னொருவருடைய போனில் வெறும் கறுப்புப் பெட்டிதான் தெரிந்தது. மூன்றாவது ஆளுடையது பார்க்க நன்றாக இருந்தும் வாசிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு பேருக்குள்ளேயே இப்படி என்றால் அன்றைக்கு என்ன நடக்கும்? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

கடைக்காரத்தம்பி

இது சின்ன வேலை அக்கா. வங்கியில் கேட்டால் லங்காகியூஆர் அட்டை தருவார்கள். மேசையில் வைத்துவிட்டால் வருகிறவர்களே தங்கள் போனால் ஸ்கான் பண்ணிக் கட்டிவிட்டுப் போவார்கள். என் கடையில் அப்படித்தான். வேலை செய்யாவிட்டால் காசாக வாங்குங்கள், அவ்வளவுதான்.

கோண்டாவில்நிலா

தம்பி, நாங்கள் காசு வாங்கவில்லை. யார் வந்தார்கள் என்று பதிவதற்குத்தான் கேட்டேன். 🙂

வயர்க்காரன்

தம்பி வேறு விஷயம் சொன்னாலும் அதில் ஒன்றைக் கவனியுங்கள். புத்தக விற்பனைக்கோ நன்கொடைக்கோ லங்காகியூஆர் அட்டை வைக்கும் எண்ணம் இருந்தால், அதைப் பதிவு மேசையில் வைக்க வேண்டாம். கியூஆரைக் கண்டதும் போனை எடுத்து அதை ஸ்கான் பண்ணுவது இப்போது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. உங்கள் மேசையில் நடக்க வேண்டியது அதற்கு நேரெதிர். அவர்கள் காட்ட வேண்டும், நீங்கள் வாசிக்க வேண்டும். இரண்டும் ஒரே மேசையில் இருந்தால் வாசலில் குழப்பம்தான்.

நிலா, இரண்டு கேள்வி. கோட்டை எதில் உருவாக்கினீர்கள்? சாதாரண போன் கமராவால் அதைப் பார்த்தால் என்ன எழுத்து வருகிறது?

கோண்டாவில்நிலா

அண்ணா, இலவசமாகச் செய்து தருகிற ஒரு இணையத்தளத்தில். கமராவில் பார்த்தால் அந்தத் தளத்தின் பெயரோடு ஒரு சின்ன இணைப்பு வருகிறது. அதைத் தட்டினால்தான் நாங்கள் கொடுத்த பெயரும் இலக்கமும் தெரியும்.

வயர்க்காரன்

நல்லவேளை, இன்னும் அனுப்பவில்லை. அந்தக் கோட்டுக்குள் உங்கள் தகவல் எதுவும் இல்லை, அந்தத் தளத்துக்குப் போகிற வழி மட்டும்தான் இருக்கிறது. வாசலில் ஒவ்வொரு ஸ்கானுக்கும் இணையம் வேண்டும். இலவசக் காலம் முடிந்தாலோ, ஸ்கான் எண்ணிக்கை வரம்பைத் தாண்டினாலோ, 280 கோட்டும் ஒரே நேரத்தில் செத்துப்போகலாம். அதைவிட, அந்த இணைப்பைத் திறக்கிற எவருக்கும் ஆளின் பெயர் தெரிகிறது.

கோட்டுக்குள் ஆறு எழுத்து இலக்கம் ஒன்று இருந்தால் போதும். `K7MP4X` என்பது போல. பெயர், பாடசாலை, தொலைபேசி எல்லாம் உங்கள் ஷீற்றில் இருக்கட்டும். 001, 002 என்று வரிசையாகப் போடாதீர்கள். அப்படிப் போட்டால் அடுத்தவரின் இலக்கத்தை யாரும் ஊகிக்கலாம், முன்னால் உள்ள பூச்சியங்களையும் ஷீற் தின்றுவிடும். E என்ற எழுத்தையும் தவிருங்கள். `1200E3` என்று ஓர் இலக்கம் அமைந்தால் ஷீற் அதை ஒரு பெரிய எண் என்று நினைத்து `1.20E+06` ஆக்கிவிடும், பிறகு அந்த ஆளைத் தேடினால் கிடைக்கமாட்டார். O, I இரண்டையும் விட்டுவிட்டால், யாராவது வாயால் சொல்லும்போது பூச்சியமா ஓவா என்ற சண்டையும் வராது. எதற்கும் அந்த நிரலை முதலிலேயே Plain text ஆக்கிவிடுங்கள்.

பைதன் தெரிந்த மாணவர் ஒருவர் இருந்தால், கியூஆர் செய்கிற segno என்ற தொகுப்பை `pip install segno` என்று நிறுவிய பிறகு இவ்வளவுதான் வேலை:

```python
import segno
q = segno.make_qr("K7MP4X")
q.save("K7MP4X.png", scale=12, border=4)
```

`border=4` என்பது சுற்றியுள்ள வெள்ளை ஓரம். அதை யாரும் அழகுக்காக வெட்டக் கூடாது. அந்த ஓரத்தை வைத்துத்தான் கோட் எங்கே தொடங்குகிறது என்று ஸ்கானர் கண்டுபிடிக்கிறது.

சுன்னாகம்பவர்

இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. கியூஆரில் பிழை திருத்தும் அளவு நாலு இருக்கிறது. L, M, Q, H. H போட்டால் 30 வீதம் அழிந்தாலும் வாசிக்கும். எல்லாவற்றையும் H இல் போட்டு அனுப்புங்கள், வாசலில் ஒரு கோட்டும் வாசிக்காமல் போகாது.

வயர்க்காரன்

30 வீதம் என்பது சரிதான். ஆனால் அந்தத் திருத்தம் கோட்டின் ஒரு பகுதி கிழிந்தால், கறைபட்டால் உதவுவதற்கு. வாசலில் வருகிற பிரச்சினை அநேகமாக அந்த வகை இல்லை. வெள்ளை ஓரம் வெட்டுப்பட்டால் H காப்பாற்றாது. திரை முழுக்க வெயில் அடித்தால் காப்பாற்றாது. மின்னஞ்சலே வராதவருக்கும், மற்றவருடைய கோட்டைக் கொண்டுவந்தவருக்கும் அது என்ன செய்யும்?

இலவசமாகவும் வராது. ஒரு 60 எழுத்து இணைய முகவரியை M இல் போட்டால் 33க்கு 33 கட்டம். அதையே H இல் போட்டால் 45க்கு 45. அதே அளவு படத்தில் கட்டங்கள் அவ்வளவுக்குப் பொடியாகிவிடும், மங்கலான திரையில் அதுவே வாசிக்காமல் போகக் காரணமாகும்.

ஆறு எழுத்து இலக்கம் என்றால் கதை வேறு. மிகச் சிறிய 21க்கு 21 கோட்டிலேயே H அளவில் 10 பெரிய எழுத்துகள் கொள்ளும். segno அதைப் பார்த்து, நீங்கள் கேட்காமலே H க்கு உயர்த்திவிடும். ஆக, கோட்டுக்குள் போடுவதைக் குறைத்தால் நீங்கள் சொல்வதும் சேர்ந்தே கிடைக்கிறது.

சுன்னாகம்பவர்

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் segno பிழை. நான் `segno.make("K7MP4X")` என்று போட்டேன், ஒரு மூலையில் மட்டும் சதுரம் உள்ள ஏதோ ஒன்று வந்தது. என் போன் வாசிக்கவே இல்லை.

வயர்க்காரன்

நான் எழுதியது `make_qr`. நீங்கள் `make` போட்டதால் எழுத்து குறைவு என்று பார்த்து அது மைக்ரோ கியூஆர் செய்து தந்திருக்கிறது. பெரும்பாலான போன் கமராக்களுக்கு அது பிடிபடாது. மூன்று மூலைகளிலும் சதுரம் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் அடையாளம்.

கணக்குவாத்தி

கோட்டை எவ்வளவு திருத்தினாலும் சிலருக்குப் பிழைக்கத்தான் செய்யும். அதனால் நேரத்தைக் கணக்குப் பார்ப்போம். 9 மணித் தொடக்கம் என்றால் நம்மூரில் எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில்தான் கூட்டம் சேரும். அந்த அரை மணிக்குள் 200 பேர் என்று வையுங்கள். ஒழுங்கான கோட்டுக்கு 6 வினாடி. பிழைத்தால் பெயர் கேட்டு, மின்னஞ்சல் தேடி, பட்டியல் பார்த்து, 90 வினாடி என்பது குறைந்த மதிப்பீடு. பத்தில் ஒருவருக்குப் பிழைக்கிறது என்றால், 180 பேருக்கு 18 நிமிடம், மிச்சம் 20 பேருக்கு 30 நிமிடம்.

அதாவது அந்த 20 பேர் 180 பேரைவிட அதிக நேரம் எடுக்கிறார்கள். இரண்டு வரிசை இருந்தாலும், இரண்டிலும் ஒரே நேரத்தில் ஆள் மாட்டினால் பின்னால் நிற்கிற எல்லோரும் ஒன்றரை நிமிடம் சும்மா நிற்க வேண்டும். ஆட்களும் சீராக வரமாட்டார்கள், ஒரு பஸ் வந்தால் முப்பது பேர் ஒன்றாக இறங்குவார்கள்.

வயர்க்காரன்

இதைத்தான் சொல்ல வந்தேன். வாத்தியாரின் கணக்கில் உள்ள அந்த 30 நிமிடத்தை வரிசையிலிருந்து வெளியே எடுங்கள். ஸ்கான் பண்ணுகிற மாணவருக்கு ஒரே ஒரு விதி: இரண்டு முறை பிடித்தும் வாசிக்கவில்லையா, வாதம் இல்லை, விசாரணை இல்லை, "அந்த மேசைக்குப் போங்கோ, அவை பார்த்துத் தருவினம்" என்று கை காட்ட வேண்டும். அந்த உதவி மேசை வரிசைக்குப் பக்கத்தில், ஆனால் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். வாசலுக்கு வெளியே வைத்தால் திருப்பி அனுப்புகிறீர்கள் என்று நினைப்பார்கள்.

அங்கே உங்களில் ஆட்களைத் தெரிந்த, பொறுமையான ஒருவர் லப்டொப்போடு இருக்கட்டும். கெட்டிக்காரரை ஸ்கானரில் விடாமல் இங்கே போடுங்கள். ஸ்கான் பண்ண எந்தப் பிள்ளையாலும் முடியும்.

மருதனார்மடம்அக்கா

உதவி மேசையில் நிறைய நாள் இருந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பெயரைக் கேட்டுத் தேடாதீர்கள். நம் ஆட்களின் பெயரில் தகப்பன் பெயர் முன்னால் வரும், பின்னால் வரும், முதலெழுத்தாகச் சுருங்கும். கலியாணம் கட்டியவர்கள் எந்தப் பெயரில் பதிந்தோம் என்பதையே மறந்திருப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே பெயரை நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள். "சிவ" என்று தட்டினால் பட்டியலில் பாதி வந்துவிடும்.

தொலைபேசியின் கடைசி நாலு இலக்கத்தைக் கேளுங்கள். எல்லோருக்கும் மனப்பாடம், எழுத்துக்கூட்டல் சிக்கல் இல்லை. 280 பேரில் ஒரே நாலு இலக்கம் இரண்டு பேருக்கு வந்தால் அப்போது பெயர் கேட்டால் போதும். ஷீற்றில் `=RIGHT(C2,4)` என்று ஒரு நிரல் போட்டு, அந்த ஒழுங்கில் கடதாசியிலும் அச்சிட்டு வையுங்கள். கறண்ட் போனாலும் வேலை நடக்கும்.

அப்புறம் அந்த மூன்றாவது ஆளின் போன். பக்கத்திலிருந்து பார்த்தால் இருட்டாகத் தெரிகிற கண்ணாடி ஒட்டியிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். மாணவர் பக்கவாட்டில் நின்று பிடித்தால் அதில் ஒன்றும் தெரியாது. இல்லாவிட்டால் திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருப்பார். இரவு பஸ்ஸில் கொழும்பிலிருந்து வருகிறவர்களின் போன் எல்லாம் காலையில் 5 வீதத்தில், வெளிச்சம் குறைந்துதான் இருக்கும். மேசையில் இரண்டு சார்ஜர் வையுங்கள்.

கோண்டாவில்நிலா

அக்கா, அவரிடம் கேட்கிறேன். கறுப்புப் பெட்டி ஏன் வந்தது?

வயர்க்காரன்

அவர் போன் டார்க் மோடில் இருந்திருக்கும். உங்கள் படத்தின் பின்னணி வெள்ளையாக இல்லாமல், ஒளி ஊடுருவுகிற வெறுமையாக இருந்தால், கறுப்புத் திரையில் கறுப்புக் கட்டங்கள் தெரியாது. மேலே உள்ள பைதன் வரிகளில் வருகிற படத்துக்கு வெள்ளைப் பின்னணி இருக்கும், அது தீரும்.

மின்னஞ்சல் பற்றியும் ஒன்று. படத்தை மின்னஞ்சலின் நடுவில் மட்டும் வைத்தால் சில பெட்டிகள் படங்களைத் தடுத்துவைக்கும். இணைப்பாகவும் சேர்த்து அனுப்புங்கள். கோட்டுக்குக் கீழே `K7MP4X` என்று பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். படம் வாசிக்காவிட்டாலும் மாணவர் அந்த ஆறு எழுத்தைத் தட்டினால் ஆள் உள்ளே போகலாம். பிழைப்பதில் ஒரு பங்கு உதவி மேசைக்கே வராமல் இதில் முடிந்துவிடும். "இப்போதே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள்" என்றும் எழுதுங்கள். கனடா, லண்டனிலிருந்து வருகிறவர்களிடம் உள்ளூர் சிம் இருக்காது, வாசலில் நின்று மின்னஞ்சல் திறக்க முடியாது.

நூலகப்பூனை

எங்கள் நூலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவுமோ தெரியாது. போனுக்குப் பதிலாக லப்டொப்பில் செருகுகிற ஸ்கானர் வாங்கினோம். முதலில் வாங்கியது சிவப்புக் கோடு விழுகிற வகை. புத்தகங்களின் பார்கோட்டை வாசித்தது, கியூஆரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கியூஆருக்கு 2டி ஸ்கானர் என்று கேட்டு வாங்க வேண்டும்.

அதை வாங்கிய பிறகு இன்னொரு கூத்து. ஸ்கான் பண்ணினால் "பீப்" கேட்கிறது, ஆனால் திரையில் தமிழில் ஏதேதோ எழுத்து வருகிறது. ஸ்கானர் கெட்டுவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோனோம். கடையில் ஒழுங்காக வேலை செய்கிறது! திரும்பக் கொண்டுவந்தால் பழையபடி தமிழ்.

வயர்க்காரன்

இது எங்கள் ஊருக்கென்றே உள்ள பிழை, நிலா கட்டாயம் கவனிக்க வேண்டும். அந்த ஸ்கானரைக் கணினி ஒரு விசைப்பலகையாகத்தான் பார்க்கிறது. K என்று அது "தட்டும்போது" நீங்கள் தமிழ் யூனிகோட் விசைப்பலகையில் இருந்தால் K உள்ள விசையின் தமிழ் எழுத்துத்தான் விழும். யாரோ பெயர் ஒன்றைத் தமிழில் திருத்திவிட்டு மாற்றாமல் விட்டிருப்பார்கள். விண்டோஸில் Win விசையும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தி, மூலையில் ENG என்று வருகிறதா என்று பாருங்கள். பாமினி முறையில் யூனிகோட் தட்டுகிற மென்பொருள் ஓடினால் அதையும் மூடுங்கள். காலையில் முதல் வேலையாக Notepad திறந்து ஒரு கோட்டை ஸ்கான் பண்ணிப் பாருங்கள். வாசல் லப்டொப்பில் தமிழ் தட்டச்சே வேண்டாம், திருத்தங்களை உதவி மேசையில் செய்யலாம்.

அந்த ஸ்கானர் இருந்தால் ஷீற்றில் தனிச் செயலி எதுவும் தேவையில்லை. A நிரலில் ஸ்கான் விழும், பக்கத்தில் இரண்டு சூத்திரம்:

```
=IFERROR(VLOOKUP(A2,List!A:D,2,FALSE),"பட்டியலில் இல்லை")
=IF(COUNTIF(A$2:A2,A2)>1,"இரண்டாம் முறை","")
```

கோண்டாவில்நிலா

நூலகப்பூனை, அந்த ஸ்கானரைச் சனிக்கிழமைக்குக் கடனாகத் தருவீர்களா? 🙏

அண்ணா, "இரண்டாம் முறை" என்று வந்தால் என்ன செய்வது? களவாக வந்தவர் என்று எப்படிச் சொல்வது?

வயர்க்காரன்

சொல்லவே கூடாது. அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் அநேகமாக மூன்று காரணம்தான் இருக்கும். மாணவர் "பீப்" கேட்கவில்லை என்று இரண்டு தரம் பிடித்திருப்பார், அப்போது இரண்டு பதிவும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும், விட்டுவிடலாம். ஆள் உள்ளே போய், போன் பேச வெளியே வந்து, திரும்பப் போகிறார், அதுவும் பிரச்சினை இல்லை. மூன்றாவது, அவர் கையில் இருப்பது வேறொருவருடைய கோட். அதற்கும் பெரும்பாலும் குற்றம் காரணமில்லை. அதிபர் ஐந்து ஆசிரியர்களைத் தன் மின்னஞ்சலில் பதிந்திருப்பார். ஐந்து கோட்டும் அவருக்கு வந்திருக்கும், அவர் முதலாவதை மட்டும் வைபர் குழுவில் போட்டுவிட்டு "இதைக் காட்டுங்கோ" என்றிருப்பார்.

உதவி மேசையில் 30 ஒதுக்குக் கோட் அச்சிட்டு வையுங்கள். அவையும் பட்டியலில் முன்கூட்டியே இருக்க வேண்டும், பெயர் மட்டும் வெறுமை. அப்படி வருகிறவருக்கு அதில் ஒன்றைக் கொடுத்து ஸ்கான் பண்ணி, பெயரை அந்த வரியில் எழுதுங்கள். அவர் உள்ளே போய்விடுவார், சாப்பாட்டுக் கணக்கும் குழம்பாது. யார் யாருடைய கோட் என்று பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம்.

தீவான்

இவ்வளவு எதற்கு? கோட் இல்லாதவரிடம் அடையாள அட்டை கேளுங்கள். பட்டியலில் உள்ள பெயரோடு பொருந்தினால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. இல்லாவிட்டால் றோட்டால் போகிறவனெல்லாம் வந்து சாப்பாட்டுப் பார்சல் எடுத்துக்கொண்டு போவான்.

மருதனார்மடம்அக்கா

தீவான், ஓர் ஆய்வரங்கு வாசலில் ஐசி கேட்டு நிறுத்தினால் இந்த ஊரில் எங்கள் வயதுக்காரருக்கு என்ன ஞாபகம் வரும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு பார்சல் சோற்றுக்காக அதைச் செய்யமாட்டேன்.

தீவான்

அக்கா, உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. சான்றிதழ் கொடுக்கிறார்கள் என்றால் யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டாமா?

கணக்குவாத்தி

சான்றிதழை மாலையில் கொடுக்கும்போது சரிபாருங்கள். அதற்காகக் காலை எட்டரை மணிக்கு வரிசையை நிறுத்த வேண்டியதில்லை.

தீவான்

மாலையில் யார் நிற்பான்? மதியச் சாப்பாட்டோடு பாதிப்பேர் போய்விடுவார்கள். நான் இன்னும் ஐசி பக்கம்தான்.

கோண்டாவில்நிலா

சான்றிதழ் இருக்கிறது. இதைக் குழுவில் கேட்க வேண்டும். அதைவிட எனக்குப் பெரிய பயம் இணையம். அந்த மண்டபத்தில் ஆட்கள் நிறைந்தால் டேற்றா அப்படியே நின்றுவிடும்.

வயர்க்காரன்

பட்டியலைக் காலையில் இறக்கி இரண்டு லப்டொப்பிலும் வையுங்கள். ஸ்கான் இணையம் இல்லாமலே நடக்கும். ஒரு குறை, ஒரே கோட் இரண்டு வரிசையிலும் வந்தால் ஒன்றுக்கொன்று தெரியாது. அதற்கு வழி, மின்னஞ்சலிலேயே ஒவ்வொருவருக்கும் "வரிசை 1", "வரிசை 2" என்று பிரித்துவிடுவது. ஒருவரின் கோட் ஒரு லப்டொப்பில்தான் இருக்கும், மற்றதில் "பட்டியலில் இல்லை" என்று வரும்.

மருதனார்மடம்அக்கா

அது கடதாசியில் நன்றாக இருக்கும். ஒரே காரில் வந்த நாலு சிநேகிதிகளை இரண்டு வரிசையாகப் பிரித்துப் பாருங்கள், நாலு பேரும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். இரண்டு பேர் "பட்டியலில் இல்லை" என்று உதவி மேசைக்கு வருவார்கள். ஒன்றிரண்டு இரட்டைப் பதிவு இருந்தால் இருக்கட்டும் என்று விடுவேன்.

வயர்க்காரன்

அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 280 பேருக்கு அந்தப் பிரிப்பு தேவையில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் என்றால் நான் பிரிப்பேன்.

வாசல் எந்தத் திசை, நிலா?

கோண்டாவில்நிலா

கிழக்கு. ஏன்?

வயர்க்காரன்

எட்டரை மணி வெயில் நேரே போன் திரையில் அடிக்கும். மேசையை விறாந்தைக்குள் தள்ளுங்கள், வருகிறவரின் முதுகுப் பக்கம் வெயில் விழாதபடி திருப்புங்கள். "வெளிச்சத்தைக் கூட்டி வையுங்கோ" என்று எழுதி வரிசையின் நடுவில் ஒட்டுங்கள். மேசையில் ஒட்டினால் அங்கே வந்த பிறகுதான் போனையே எடுப்பார்கள்.

கோண்டாவில்நிலா (ஞாயிறு)

நடந்து முடிந்தது. நேரத்துக்குத் தொடங்கினோம்! சுருக்கமாகச் சொல்கிறேன்.

நூலகப்பூனையின் ஸ்கானர் ஒரு வரிசையில், மற்றதில் போன். ஸ்கானர்தான் வேகம். போன் பிடித்த மாணவருக்குக் கை நடுங்கி, குவியம் பிடிக்க நேரம் எடுத்தது. பாதியில் அந்த வரிசையை நிறுத்தி, அவரை வரிசையில் முன்னால் விட்டு "கோட்டைத் திறந்து வையுங்கோ" என்று சொல்லச் சொன்னோம். அதற்குப் பிறகு ஒரு வரிசையே ஓடியது.

அண்ணா சொன்ன அதே அதிபர் கதை எழுத்துப் பிசகாமல் நடந்தது. கிளிநொச்சிப் பக்கப் பாடசாலை ஒன்றிலிருந்து வானில் ஐந்து ஆசிரியைகள், ஐந்து போனிலும் ஒரே படம். முதல் ஆள் உள்ளே போனார், இரண்டாவது ஆளுக்கு "இரண்டாம் முறை". மாணவர் கை காட்ட, நாலு பேரும் உதவி மேசைக்கு வந்தார்கள். கடைசி நாலு இலக்கம் கேட்டோம், கிடைக்கவில்லை. அதிபர் ஐந்து பதிவுக்கும் தன்னுடைய இலக்கத்தையே கொடுத்திருக்கிறார்! பாடசாலைப் பெயரால் வடிகட்டினோம், ஐந்து பெயரும் வரிசையாக வந்தன. ஒதுக்குக் கோட் தேவைப்படவில்லை, அவர்களுடைய சொந்தக் கோட்டையே கையால் தட்டினோம். முதலில் போனவர் வேறொருவரின் பெயரில் உள்ளே இருந்தார், அதையும் மாற்றினோம்.

மின்னஞ்சல் கிடைக்காதவர்களில் பலர் முகவரியைப் பிழையாகத் தட்டிப் பதிந்திருக்கிறார்கள். அதை முன்பே பார்த்திருக்கலாமா?

ஐசி கேட்கவில்லை. குழுவில் இன்னும் அதற்கு இரண்டு கருத்து.

வயர்க்காரன்

அனுப்பிய மறுநாள் திரும்பி வந்த மின்னஞ்சல்களைப் பாருங்கள். `gmial.com`, `gmail.con` போன்றவை அங்கே மாட்டும். அவர்களுக்குத் தொலைபேசி இலக்கம் இருக்குமே, வட்ஸ்அப்பில் படத்தை அனுப்பலாம். குழுவாகப் பதிகிறவர்களுக்குப் படிவத்தில் ஆளுக்கொரு தொலைபேசியைக் கட்டாயமாக்குங்கள், ஒரே இலக்கம் இரண்டாம் முறை வந்தால் படிவத்தைப் பார்க்கிறவருக்குத் தெரியும்படி ஒரு COUNTIF போடுங்கள்.

ஒதுக்குக் கோட் எத்தனை போனது?

கோண்டாவில்நிலா

பதியாமலே வந்தவர்களுக்குத்தான் போனது. அதில் சிலவற்றுக்கு எதிரே பெயர் இல்லை. மேசையில் இருந்தவர் கொப்பியில் எழுதியிருக்கிறார், ஆனால் எந்தக் கோட்டுக்கு எந்தப் பெயர் என்று எழுதவில்லை. சான்றிதழ் கேட்டு ஒருவர் ஏற்கெனவே அழைத்துவிட்டார்.

தீவான்

நான் என்ன சொன்னேன்?

மருதனார்மடம்அக்கா

ஐசி கேட்டிருந்தாலும் கொப்பியில் கோட் எழுதாதவர் எழுதியிருக்கமாட்டார், தீவான். நிலா, அடுத்தமுறை ஒதுக்குக் கோட்டை இரண்டு பிரதியாக அச்சிடுங்கள். ஒன்றை ஆளிடம் கொடுத்து, மற்றதைக் கொப்பியில் ஒட்டி, பக்கத்தில் பெயரையும் தொலைபேசியையும் அவரையே எழுதச் சொல்லுங்கள்.